வெயிட்டிங்ல இருக்கற கார் வேணுமா, ரெடி ஸ்டாக் கார் எடுக்கலாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வாங்கப் போறவங்க யார்கிட்ட பேசினாலும் இந்த டவுட்டுங்க தான் திரும்பத் திரும்ப வருது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா கீழ இருக்கற பதிலுங்க மேல சொன்ன கணக்க வெச்சு தான் ஓடும்.

ரெடி ஸ்டாக்னா யாரும் வாங்காம மிஞ்சிப் போன காரா? உடனே தர்றாங்கன்னாலே பயமா இருக்கு

எல்லாமே அப்படி இல்ல. டீலர் யார்டுல கார் நிக்கறதுக்கு பல காரணம் இருக்கு. கம்பெனி மாசாமாசம் அனுப்பறத டீலர் எடுத்தே ஆகணும், அதுல ஓடாத கலர் ஓடாத வேரியண்ட்டும் சேர்ந்து வரும். யாராவது புக் பண்ணிட்டு லோன் கெடைக்காம கேன்சல் பண்ணிருப்பாங்க. இல்லனா அந்த மாடலோட புது வெர்ஷன் சீக்கிரம் வரப்போகுது, பழச தள்ளி விடறாங்க. இல்ல உண்மையாவே அந்த மாடல் மார்க்கெட்ல எடுபடல.

கேன்சல் ஆன கார்னா உங்களுக்கு லக்கு தான், அது வெயிட்டிங்ல இருக்கற அதே காரா கூட இருக்கலாம். புது வெர்ஷன் வர்றதால தள்ளி விடறதுன்னா டிஸ்கவுண்ட் நல்லா அடிச்சுப் பேசணும். அதனால மொத கேள்வியே "இந்த கார் ஏன் இங்க நிக்குது, எந்த மாசம் வந்துச்சு" தான். சேல்ஸ்ல இருக்கறவர் சொல்ற பதில அப்படியே நம்ப வேணாம், காரப் பாத்தே கண்டுபிடிக்கலாம், அத கீழ சொல்றேன்.

"ஆறு மாசம் வெயிட்டிங்"னு சொல்றாங்க, அத எப்படி நம்பறது?

"எத்தன மாசம் ஆகும்"னு கேட்டா எல்லாரும் ஒரு நம்பர் சொல்லிடுவாங்க. கேக்க வேண்டிய கேள்வி வேற: "இதே வேரியண்ட், இதே கலர், இந்த வாரம் டெலிவரி எடுத்தவர் என்னிக்கு புக் பண்ணாரு?" இதுக்கு பதில் சொல்ல அவங்க சிஸ்டத்துல பாத்தாகணும். ஒரே மாடல்லயே பேஸ் வேரியண்ட் ரெண்டு மாசத்துல வரும், டாப் வேரியண்ட் எட்டு மாசம் இழுக்கும், அதனால வேரியண்ட்டும் கலரும் சொல்லிக் கேக்கலன்னா அந்த பதிலுக்கு அர்த்தமே இல்ல.

அடுத்தது தான் ரொம்ப பேருக்குத் தெரியாதது. கியூ எவ்ளோ நீளம்னு மட்டும் தெரிஞ்சா பத்தாது, எவ்ளோ வேகமா நகருதுன்னும் பாக்கணும். ஒரு உதாரணம் பாக்கலாம். ஜூன் 1ஆம் தேதி கேக்கறீங்க, அன்னிக்கு டெலிவரி எடுக்கறவர் ஜனவரி 1 புக் பண்ணவர், ஆக அஞ்சு மாசம் வெயிட்டிங்னு சொல்லுவாங்க. நீங்களும் புக் பண்ணிடறீங்க. ஜூலை 1 திரும்பக் கேளுங்க, அன்னிக்கு எடுக்கறவர் பிப்ரவரி 1 புக் பண்ணவர்னா கியூ சரியா நகருது, அஞ்சு மாசம் உண்மை. ஆனா ஜனவரி 16 புக் பண்ணவருக்குத் தான் வந்திருக்குன்னா, ஒரு மாசத்துல கியூ பதினஞ்சு நாள் தான் நகர்ந்திருக்கு. உங்களுக்கு முன்னாடி அஞ்சு மாசத்து புக்கிங் நிக்குது, இதே வேகத்துல போனா அத முடிக்க பத்து மாசம் ஆகும். டீலர் பொய் சொல்லல, ஆனாலும் அஞ்சு பத்தாயிடுச்சு.

இதுல ரெண்டு விஷயம் கணக்க மாத்தும். மாடல் லாஞ்ச் ஆன மொத ரெண்டு வாரத்துல புக்கிங் குவியும், அந்த குவியல தாண்டற வரைக்கும் கியூ ஆமையா நகரும், அப்பறம் வேகம் எடுக்கும். இன்னொண்ணு, நெறைய பேரு ரெண்டு மூணு எடத்துல புக் பண்ணி வெச்சிருப்பாங்க, ஒரு எடத்துல கார் கெடைச்சதும் மத்தத கேன்சல் பண்ணுவாங்க. அதனால பேப்பர்ல இருக்கற கியூவ விட நெஜ கியூ கொஞ்சம் சின்னதாவே இருக்கும். ஒரு தடவ கேட்டு முடிவு பண்ணாதீங்க, ஒரு மாசம் விட்டு ரெண்டாவது தடவ கேளுங்க.

காத்திருக்கறதுக்கு என்ன செலவு ஆகப்போகுது? சும்மா இருக்கறது தானே

வீட்டுல இப்ப என்ன இருக்குங்கறத பொறுத்தது. நல்லா ஓடற பழைய கார் இருந்தா காத்திருக்கறது கிட்டத்தட்ட இலவசம். பழைய கார் ஆறு மாசத்துல இன்னும் கொஞ்சம் மதிப்பு எறங்கும், ஒரு சர்வீஸ் வரும், சரி. ஆனா அதே ஆறு மாசம் நீங்க புதுக் கார் வெச்சிருந்தா அதோட மதிப்பும் எறங்கி தானே இருக்கும், அதுவும் புதுக் கார் மொத வருஷம் தான் அதிகமா எறங்கும். அந்த எறக்கத்த தள்ளிப் போட்டிருக்கீங்க. இந்தப் பக்கத்த யாரும் கணக்குல சேக்கறதே இல்ல, "வெயிட் பண்ணா நஷ்டம்"னு மட்டும் சொல்றாங்க.

பழைய கார் படுக்கப் போகுதுன்னா கத வேற. கிளட்ச் போகப் போகுது, நாலு டயரும் மாத்தணும், இன்சூரன்ஸ் புதுப்பிக்கணும்னா, விக்கப் போற காருக்கு இதெல்லாம் போட்டா ரீசேல்ல திரும்பாது. கார் இல்லாம வாடக வண்டில போறவங்களுக்கும் செலவு நெஜம். உங்க ஆறு மாசத்து செலவ ஒரு பேப்பர்ல எழுதிட்டு அடுத்த பதிலுக்கு வாங்க.

ரெடி ஸ்டாக்ல டிஸ்கவுண்ட் தர்றாங்க, ஆனா பாப்புலர் மாடலுக்கு ரீசேல் நல்லாருக்கும்ங்கறாங்க. எது லாபம்?

கணக்கு போட்டுப் பாத்துடலாம். ரெண்டு காரும் ஒரே விலைன்னு வெச்சுக்குவோம், அந்த விலைய நூறு பங்கா எடுத்துக்குவோம். பாப்புலர் கார்ல டிஸ்கவுண்ட் இல்ல, ஆறு மாசம் வெயிட்டிங், நாலு வருஷம் கழிச்சு வித்தா 62 கெடைக்கும்னு வெச்சுக்கோங்க. ரெடி ஸ்டாக் கார் நாலு வருஷத்துல 54க்கு போகும். இந்த நம்பரெல்லாம் உதாரணத்துக்குத் தான், நெஜ நம்பர் வேணும்னா நாலு வருஷம் ஆன அதே மாடல் செகண்ட் ஹேண்ட்ல என்ன விலைக்குப் போகுதுன்னு பாருங்க (கேக்கற விலை இல்ல, முடியற விலை). மாடல் அவ்ளோ பழசு இல்லன்னா அதே கம்பெனியோட அதே சைஸ் பழைய மாடல பாருங்க.

ரீசேல் வித்தியாசம் 8 பங்கு. இதுல இருந்து காத்திருக்கற செலவ கழிச்சா வர்றது தான் ரெடி ஸ்டாக் கார்ல நீங்க கேக்க வேண்டிய கொறைந்தபட்ச டிஸ்கவுண்ட். மொத ஆளு, வீட்டுல நல்ல கார் இருக்கு, காத்திருக்கற செலவு பூஜ்யம்னு வைங்க, அவருக்கு 8க்கு மேல டிஸ்கவுண்ட் கெடைச்சா தான் ரெடி ஸ்டாக் பணத்துல ஜெயிக்கும். ரெண்டாவது ஆளு, கார் இல்ல, ஆறு மாசத்துக்கு வாடக வண்டி செலவு 9 பங்கு ஆகுது, புதுக் கார் வெச்சிருந்தா அதுல எறங்கிருக்கற மதிப்பு ஒரு 5, ஆக அவருக்கு காத்திருக்கறதுல நெஜ செலவு 4. அவருக்கு 4க்கு மேல டிஸ்கவுண்ட் கெடைச்சாலே ரெடி ஸ்டாக் லாபம். அதே ரெண்டு கார், 6 பங்கு டிஸ்கவுண்ட் குடுத்தா மொத ஆளு காத்திருக்கணும், ரெண்டாவது ஆளு எடுத்துட்டுப் போகலாம். ஃப்ரெண்டு என்ன பண்ணாருன்னு பாத்து முடிவு பண்றது ஏன் சரிப்படாதுன்னு இப்ப புரியும்.

எத்தன வருஷம் வெச்சுப்பீங்கங்கறதும் பெரிய விஷயம். பத்து வருஷம் ஓட்டறவருக்கு ரெண்டு காருமே கடைசில அடிமட்ட விலைக்குத் தான் போகும், வித்தியாசம் 8ல இருந்து 2, 3க்கு சுருங்கிடும். டிஸ்கவுண்ட் இன்னிக்கு கைல வர்றது, ரீசேல் நாளைக்கு வரலாம் வராமலும் போகலாம். அதனால ரொம்ப வருஷம் வெச்சு ஓட்டறவங்க "ரீசேல் ரீசேல்"னு மண்டைய ஒடச்சுக்கறதுல அர்த்தம் இல்லன்னு தான் நான் சொல்லுவேன்.

கார் யார்டுல எத்தன மாசமா நிக்குதுன்னு நாமளே கண்டுபிடிக்க முடியுமா? அவங்க "போன மாசம் தான் வந்துச்சு"ங்கறாங்க

முடியும். டயர் பக்கச் சுவர்ல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்க நம்பர் இருக்கும். மொத ரெண்டு இலக்கம் எந்த வாரம்னு சொல்லும், அடுத்த ரெண்டு இலக்கம் எந்த வருஷம்னு சொல்லும். 3524னு இருந்தா 2024ஆம் வருஷம் 35ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் கடைசில செஞ்ச டயர். சில டயர்ல இந்த முழு நம்பர் ஒரு பக்கம் தான் இருக்கும், வெளிப்பக்கம் காணோம்னா உள்பக்கம் குனிஞ்சு பாருங்க. டயர் செஞ்ச பெறகு தான் கார்ல மாட்டுவாங்க, அதனால கார் அந்த தேதிக்கு முன்னாடி பொறந்திருக்காது, பொதுவா கொஞ்ச வாரமோ ஒரு சில மாசமோ கழிச்சு இருக்கும். நாலு டயரும் கிட்டக்கிட்ட தேதில இருக்கணும், ஒண்ணு மட்டும் ரொம்ப புதுசா இருந்தா ஏன் மாத்துனீங்கன்னு கேளுங்க.

சீட் பெல்ட்ட முழுசா இழுத்தா கீழ முனைல ஒரு லேபிள் தச்சிருக்கும், பெரும்பாலும் அதுலயும் தேதி இருக்கும். டயர மாத்துவாங்க, பெல்ட்ட யாரு மாத்தப் போறா. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா அந்த தேதிய நம்பலாம். 17 இலக்க சேஸிஸ் நம்பர்ல 10ஆவது எழுத்து பல கம்பெனிகள்ல மாடல் வருஷத்த குறிக்கும், ஆர்னா 2024, எஸ்னா 2025, டின்னா 2026. எல்லா கம்பெனியும் இத பின்பத்தறது இல்ல, அதோட மாடல் வருஷமும் செஞ்ச வருஷமும் ஒண்ணா இருக்கணும்னும் இல்ல, அதனால இத மட்டும் வெச்சு சண்டைக்குப் போகாதீங்க.

ஒன்பது மாசமா நின்ன கார்னு தெரிஞ்சுடுச்சு. வேணாம்னு விட்டுடலாமா?

விட வேண்டியதில்ல, ஆனா அந்த ஒன்பது மாசத்துக்கு பேரம் பேசுங்க, பேட்டரியையும் டயரையும் பிரேக்கையும் கண்ணுல வெச்சுப் பாருங்க. மொதல்ல அடி வாங்கறது 12 வோல்ட் பேட்டரி. கார் ஆஃப்ல இருந்தாலும் அலாரம் கடிகாரம்னு கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் குடிச்சுட்டே இருக்கும், யாரும் சார்ஜ் பண்ணலன்னா பேட்டரி முழுசா எறங்கி, உள்ள தகட்டுல சல்பேட் படிஞ்சு, திரும்ப சார்ஜ் பண்ணாலும் பழைய பலம் வராது. வாசலுக்கு கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டறது ஒண்ணையும் நிரூபிக்காது, இப்பதான் ஜம்ப் பண்ணிருப்பாங்க. ராத்திரி முழுக்க சும்மா நின்ன பெறகு மல்டிமீட்டர் வெச்சா சாதாரண பேட்டரில 12.6 கிட்ட இருக்கணும், 12.2னா பாதி தான் இருக்கு. அப்படி இருந்தா புது பேட்டரி போட்டுத் தாங்கன்னு எழுதி வாங்குங்க.

டயர் ஒரே எடத்துல அழுந்தி நின்னா அந்த எடம் தட்டையாகும். டெஸ்ட் டிரைவ்ல மொத கொஞ்ச தூரம் ஸ்டியரிங்ல அதிர்வு தெரியும், டயர் சூடானதும் போயிடுச்சுன்னா பிரச்சன இல்ல, பத்து பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டியும் போகலன்னா டயர் மாத்தச் சொல்லணும். பிரேக் டிஸ்க்ல ஆரஞ்சு கலர்ல லேசா துரு இருந்தா நாலு தடவ பிரேக் பிடிச்சா போயிடும், கால்ல பெடல் துடிக்குதுன்னா போகாது. பெட்ரோல் மாசக்கணக்குல டேங்க்ல நின்னா பழசாகும், என்ஜின் ஆயிலுக்கும் கிலோமீட்டர் மட்டும் இல்லாம காலக்கெடுவும் உண்டு, அதனால ஆயில் மாத்திக் குடுங்கன்னு கேக்கறது நியாயம் தான். அப்பறம் பானட்ட தொறந்து வயருங்கள பாருங்க, எலி கடிச்ச தடம் இருந்தா அந்த கார் பக்கமே போகாதீங்க, அடுத்த கார காட்டச் சொல்லுங்க.

வாரண்டி பொதுவா டெலிவரி இல்லனா ரெஜிஸ்ட்ரேஷன் தேதில இருந்து தொடங்கும், கார் செஞ்ச தேதில இருந்து இல்ல. ஆனா டார்கெட்டுக்காக ஏற்கனவே யார் பேர்லயோ ரெஜிஸ்டர் பண்ணி வெச்ச காரோ, டெமோ காரோ இருந்தா வாரண்டி ஏற்கனவே ஓட ஆரம்பிச்சிருக்கும். இத நேரா கேளுங்க, பதில எழுத்துல வாங்குங்க, மீட்டர்ல ஓடின தூரத்தையும் பாருங்க. செஞ்ச வருஷம் போன வருஷம்னா விக்கும்போது ஒரு வருஷம் பழசாத் தான் பாப்பாங்க, அதனால மேல போட்ட ரீசேல் கணக்குல அதையும் சேத்துக்கோங்க.

இப்ப புக் பண்ணிட்டா விலை லாக் ஆயிடும்ல?

எழுத்துல இல்லன்னா இல்ல. நெறைய புக்கிங் ஃபார்ம்ல பொடி எழுத்துல "டெலிவரி நாளில் உள்ள விலை பொருந்தும்"னு இருக்கும். காத்திருக்கற நாள்ல கம்பெனி விலை ஏத்தினா நீங்க தான் குடுக்கணும், உங்க காத்திருப்பு செலவுல அதுவும் சேரும். லோன் அப்ரூவலும் அப்படித் தான், அதுக்கு காலாவதி தேதி இருக்கும், ஆறு மாசம் கழிச்சு வட்டி வேறயா இருக்கலாம்.

ஃபார்ம்ல எழுதி வாங்க வேண்டியது: சரியான வேரியண்ட் பேரு, கலர், விலை எந்த நாளோடது, எதிர்பார்க்கற டெலிவரி மாசம், கேன்சல் பண்ணா அட்வான்ஸ் முழுசா வருமா எத்தன நாள்ல வரும், இவ்ளோ தான். கூடவே கம்பெனி சிஸ்டத்துல விழுந்த ஆர்டர் நம்பர் கேளுங்க. டீலர் நோட்டுல மட்டும் உங்க பேரு இருந்தா, கம்பெனியப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் கியூவுலயே நிக்கல.

காத்திருந்து வாங்கின மறுமாசமே ஃபேஸ்லிஃப்ட் வந்துட்டா?

இப்பதான் லாஞ்ச் ஆன மாடலுக்கு வெயிட்டிங்னா அந்த பயம் கொறைவு, பொதுவா ஃபேஸ்லிஃப்ட் வர மூணு நாலு வருஷம் ஆகும். சொல்லப்போனா புது மாடலுக்கு காத்திருக்கறதுல ஒரு நல்லதும் இருக்கு, மொத பேட்ச்ல வர்ற சாஃப்ட்வேர் கோளாறு, கதவு ரப்பர் சத்தம், ரீகால் எல்லாம் மத்தவங்க கார்ல தெரிஞ்சு சரியாகி உங்க கைக்கு வரும். மூணு வருஷம் தாண்டின மாடலுக்கு பெரிய வெயிட்டிங்னா உஷாரா இருங்க, புது வெர்ஷன் வந்தா ஆர்டர் அதுக்கு மாறுமா, எந்த விலைல மாறும்னு புக்கிங் அப்பவே கேளுங்க.

ஒரு எடத்துல புக் பண்ணி வெச்சுட்டு இன்னொரு பக்கம் ரெடி ஸ்டாக் தேடலாமா? தப்பில்லையா?

அட்வான்ஸ் முழுசா திரும்ப வரும்னா தாராளமா பண்ணுங்க, எல்லாரும் அதத் தான் பண்றாங்க, அதனால தான் கேன்சல் ஆன காருங்களே யார்டுக்கு வருது. வேற டீலர்கிட்ட பேரக் குடுத்து "கேன்சல் ஆனது வந்தா ஃபோன் பண்ணுங்க"னு சொல்லி வைங்க. மாசக் கடைசி, காலாண்டுக் கடைசில டார்கெட் அழுத்தம் இருக்கும், அப்ப ஃபோன் வர்ற வாய்ப்பு அதிகம்.

அதே மாடல் தான், ஆனா ஒரு வேரியண்ட் மேல, எனக்குப் பிடிக்காத கலர், இப்பவே தர்றாங்களாம். கூட ஆக்சஸரீஸ் பேக்கேஜ் எடுக்கணுமாம்

இதுல ரீசேல் வித்தியாசம் கணக்குல இருந்து கிட்டத்தட்ட போயிடுது, அதே கார் தானே. மேல் வேரியண்ட்டுக்கு அதிகமா குடுக்கற காசையும் உங்க காத்திருப்பு செலவையும் நேருக்கு நேர் வைங்க. அந்த கூடுதல் காசுல பாதிக்கு மேல நீங்க தெனமும் தொடப்போற, இல்லனா உங்க பாதுகாப்புக்கான விஷயத்துக்கு (ஆட்டோமேட்டிக் கியர், கூடுதல் ஏர்பேக்) போகுதுன்னா சரி. சன்ரூஃபுக்கும் பளபள வீலுக்கும் போகுதுன்னா அது வெயிட்டிங்க தவிர்க்கறதுக்கு மட்டும் காசு குடுக்கற மாதிரி தான். கலர் பிடிக்கலன்னா பிடிக்கல, வருஷக்கணக்குல பாக்கப் போறீங்க, இதுக்கு கணக்கு கெடையாது.

ஆக்சஸரீஸ் பேக்கேஜ டிஸ்கவுண்ட்டுக்கு எதிர்மறையா கழிச்சுடுங்க. சீட் கவரும் பாய் விரிப்பும் 3 பங்குன்னா அந்த கார் உங்களுக்கு 103க்கு வருது, பில்லுல எப்படி வேணா எழுதட்டும்.

அஞ்சு மாசம் காத்திருந்துட்டேன், இப்ப இன்னும் நாலு மாசம்ங்கறாங்க. இவ்ளோ நாள் இருந்தாச்சே, விடவா?

போன அஞ்சு மாசத்த கணக்குல இருந்து எடுத்துடுங்க, விட்டாலும் இருந்தாலும் அது திரும்ப வராது. ரெண்டாவது பதில்ல சொன்ன கேள்விய இன்னிக்குக் கேளுங்க: இந்த வாரம் எடுத்தவர் என்னிக்கு புக் பண்ணாரு, போன மாசம் எடுத்தவர் என்னிக்கு. அதுல வர்ற வேகத்துல உங்க தேதி எப்ப வரும்னு பாருங்க, அந்த மாசங்களுக்கு மட்டும் காத்திருப்பு செலவ போட்டு, நாலாவது பதில்ல இருக்கற கணக்க புதுசா போடுங்க. லாஞ்ச் குவியல் முடியற கட்டத்துல நிக்கறீங்கன்னா நாலு மாசம்ங்கறது ரெண்டா கூட ஆகலாம்.

உங்களுக்கு அப்பறம் புக் பண்ணவருக்கு அதே வேரியண்ட் அதே கலர் போயிருக்குன்னு தெரிஞ்சா மட்டும் வேற மாதிரி பேசணும். ஆர்டர் நம்பர காட்டி வரிசை ஏன் மாறுச்சுன்னு டீலர்கிட்டயும், கம்பெனியோட கஸ்டமர் கேர்லயும் மெயில்ல கேளுங்க, ஃபோன்ல வேணாம். பதில் மழுப்பலா வந்துச்சுன்னா அட்வான்ஸ வாங்கிட்டு வேற டீலர்கிட்ட போயிடுங்க, அங்க கேன்சல் ஆன கார் ஒண்ணு நின்னாலும் நிக்கும்.